ரயிலில் தொங்கும் ஊசல்: போலி விசை போட்டால் எனக்கு tanθ = 2a/g வருகிறது, எங்கே பிசகு?

கவின்_பிளஸ்ஒன்

எல்லோருக்கும் வணக்கம். கணக்கு இதுதான். நேரான, சமதளமான தண்டவாளத்தில் ஒரு ரயில் 2 m/s² முடுக்கத்தோடு போகிறது. பெட்டியின் கூரையிலிருந்து 1 மீட்டர் நூலில் 100 கிராம் குண்டு தொங்குகிறது. செங்குத்திலிருந்து நூல் எவ்வளவு சாயும்? பின்பக்கத்தில் கொடுத்திருக்கும் விடை 11.5°.

நான் செய்தது: ரயில் முன்னால் முடுக்கப்படுவதால் குண்டின் மேல் பின்பக்கமாக ma என்ற போலி விசை போட்டேன். நூலின் இழுவிசை T. அதன் கிடைக் கூறு T sinθ முன்பக்கம். குண்டும் ரயிலோடு சேர்ந்து a முடுக்கத்தில் போகிறது. ஆகவே

T sinθ − ma = ma
T cosθ = mg

வகுத்தால் tanθ = 2a/g. அதாவது 22.2°. விடையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

விடை வேறு என்று தெரிந்ததும் நிறுத்தியிருப்பேன். ஆனால் போன வாரம் மாமா காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு சாவிக்கொத்தை நூலில் கட்டிப் பிடித்துக்கொண்டேன், தம்பி அதை வீடியோ எடுத்தான். கார் புறப்பட்டதும் நூல் பின்னால் போய், பிறகு கொஞ்சம் திரும்பி வந்து, அங்கேயும் இங்கேயும் ஆடியது. அது பின்னால் அதிகபட்சம் போன இடம், பிறகு ஆட்டத்தின் நடுவாகத் தெரிந்த இடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியென்றால் 2a/g என்பதில் ஏதோ உண்மை இருக்கிறதோ என்று குழப்பம்.

வேகமானி

தம்பி, போலி விசை என்ற ஒன்றையே தொடாதீர்கள். அது இல்லாத விசை. பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். குண்டின் மேல் இரண்டே விசைகள்: புவியீர்ப்பு, நூலின் இழுவிசை. குண்டு a முடுக்கத்தில் போகிறது.

T sinθ = ma
T cosθ = mg

tanθ = a/g. 2/9.8 = 0.204, கோணம் 11.5°. முடிந்தது. போலி விசை என்பது தேர்வுக்காகச் சொல்லித்தரும் குறுக்குவழி, அதில் விழுந்து எழுவதைவிட நேர்வழியே மேல்.

காரில் ஆடியது உங்கள் மாமா கிளட்சை விட்ட விதத்தால். கையும் ஆடியிருக்கும். சீராக எடுத்தால் நூல் நேராக 11.5°க்குப் போய் அங்கேயே நிற்கும்.

நிலைமம்

வேகமானி போட்ட சமன்பாடுகள் சரி, விடையும் சரி. மற்ற இரண்டு கருத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் முதலில் கவினின் பிசகைப் பார்ப்போம்.

கவின், உங்கள் முதல் வரியின் இடப்பக்கம் ரயிலுக்குள் உட்கார்ந்து எழுதியது. வலப்பக்கம் பிளாட்பாரத்தில் நின்று எழுதியது. ஒரே வரியில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் ma இரண்டு முறை நுழைந்துவிட்டது.

ரயிலுக்குள் உட்காருங்கள். எதிர்சீட், ஜன்னல், கூரை எல்லாம் அசையாமல் இருக்கின்றன. குண்டும் சாய்ந்த நிலையில் அசையாமல் தொங்குகிறது. உங்கள் கண்ணுக்கு அதன் முடுக்கம் என்ன? சுழி. ஆகவே வலப்பக்கம் சுழிதான் வரவேண்டும்:

T sinθ − ma = 0

ma-வை அந்தப் பக்கம் கொண்டுபோனால் வேகமானியின் வரியே கிடைக்கிறது. போலி விசை செய்யும் வேலை இவ்வளவுதான். தரையிலிருந்து பார்ப்பவர் வலப்பக்கத்தில் ‘நிறை × முடுக்கம்’ என்று எழுதுவதை, ரயிலுக்குள் இருப்பவர் இடப்பக்கத்தில் ஒரு விசையாக எழுதிக்கொள்கிறார். இரண்டு இடத்திலும் எழுத உரிமை யாருக்கும் இல்லை.

அதனால் விசைப்படம் வரைவதற்கு முன்பே தாளின் மூலையில் ‘ரயிலுக்குள்’ அல்லது ‘தரையில்’ என்று எழுதிவிடுங்கள். ‘ரயிலுக்குள்’ என்றால் மூன்று அம்புகள்: mg கீழே, T நூல் வழியே, ma பின்னால். வலப்பக்கத்தில், ரயிலுக்குள் இருப்பவர் காணும் முடுக்கம் மட்டும். ‘தரையில்’ என்றால் இரண்டே அம்புகள், வலப்பக்கத்தில் ma. படத்தில் மூன்று அம்பும், வலப்பக்கத்தில் ma-வும் சேர்ந்து தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இழுவிசையையும் பாருங்கள். T = m√(g² + a²) = 0.1 × √(96.04 + 4) = 1.00 N. ரயில் நிற்கும்போது 0.98 N. நூல் இவ்வளவு சாய்ந்தும் இழுவிசை 2 சதவீதம்தான் கூடுகிறது. சாய்வைப் பார்த்து முடுக்கம் சொல்லலாம், ஆனால் ஒரு வில் தராசில் தொங்கவிட்டு அதன் அளவைப் பார்த்துச் சொல்ல முயன்றால் முள் அசைவதே தெரியாது.

சும்மா_ஒரு_கேள்வி

அப்படியானால் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் போகும் ரயிலில் நூல் மிகவும் சாய்ந்திருக்க வேண்டுமே? நான் பயணம் செய்தபோது ஜன்னல் கொக்கியில் மாட்டிய பை நேராகத்தான் தொங்கியது. ஏசி பெட்டி என்பதால் காற்று இல்லை, அதனாலா?

நிலைமம்

காற்றால் இல்லை. வேகம் மாறாமல் இருந்தால் a = 0, சாய்வும் 0. மணிக்கு 130 ஆனாலும், நின்றுகொண்டிருந்தாலும் நூலுக்கு ஒன்றுதான். அடுத்த முறை அந்த ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போதும், பிரேக் போடும்போதும் பையைக் கவனியுங்கள். கிளம்பும்போது பின்னால், பிரேக்கின்போது முன்னால்.

கவின்_பிளஸ்ஒன்

ஐயா, வலப்பக்கம் சுழி என்பது இப்போது தெளிவு. நன்றி. ஆனால் காரில் பார்த்தது? வேகமானி அண்ணா சொல்வதுபோல் மாமா கிளட்ச் விட்டதால்தானா? வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கை அவ்வளவாக ஆடவில்லை.

நிலைமம்

இல்லை, நீங்கள் பார்த்தது சரிதான். கார் சட்டென்று முடுக்கம் எடுத்தால், அதற்குப் பிறகு எவ்வளவு சீராகப் போனாலும் அது நடக்கும். வேகமானி இதில் பாதிதான் சொன்னார். tanθ = a/g தருவது நூல் அமைதியாகத் தொங்கக்கூடிய கோணம். ஆனால் முடுக்கம் தொடங்கும் நொடியில் நூல் செங்குத்தாக இருக்கிறதே, அது அந்தக் கோணத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி.

இங்கேதான் போலி விசை வெறும் குறுக்குவழி இல்லை என்று தெரியும். ரயிலுக்குள் இருப்பவருக்குக் குண்டின் மேல் கீழ்நோக்கி mg, பின்னோக்கி ma. இரண்டும் எப்போதும் மாறாதவை, இரண்டும் நிறைக்கு நேர்விகிதம். ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரே ஈர்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். அளவு √(g² + a²), அதாவது 10.0 m/s². திசை, செங்குத்திலிருந்து 11.5° பின்பக்கமாகச் சாய்ந்தது. ரயிலுக்குள் ‘கீழே’ என்பதே இப்போது அந்தச் சாய்ந்த திசைதான்.

முடுக்கம் தொடங்கும் நொடியில் என்ன ஆகிறது? ‘கீழே’ சட்டென்று 11.5° திரும்பிவிட்டது. நூல் பழைய இடத்திலேயே இருக்கிறது. புதிய ‘கீழே’யிலிருந்து பார்த்தால், யாரோ ஊசலை 11.5° இழுத்துப் பிடித்து விட்டுவிட்டதுபோல. விட்ட ஊசல் என்ன செய்யும்? நடுவைத் தாண்டி மறுபக்கம் அதே 11.5° போகும். ஆகப் பழைய செங்குத்திலிருந்து 23.1° வரை போய்த் திரும்பும்.

1 மீட்டர் நூலுக்கு அலைவு நேரம் 2π√(1/10.0), ஏறக்குறைய 2 விநாடி. ஆகவே கிளம்பிச் சரியாக ஒரு விநாடியில் நூல் அந்த இரட்டைக் கோணத்தில் இருக்கும், அடுத்த ஒரு விநாடியில் மீண்டும் செங்குத்து. நடுவில் 11.5°ஐ அது வேகமாகக் கடந்துபோகும், அங்கே நிற்காது. காற்றும் முடிச்சின் உராய்வும் ஆட்டத்தைக் கரைத்த பிறகுதான் அங்கே நிற்கும். கனமான சிறு குண்டு என்றால் அது நிமிடக் கணக்கில் ஆகும். எந்தக் காரும் அவ்வளவு நேரம் 2 m/s² முடுக்கத்தைத் தாங்காது. ஒரு நிமிடத்தில் மணிக்கு 430 கி.மீ. ஆகிவிடும்!

இப்போது முக்கியமான ஒன்று. உங்கள் 22.2°யும் இந்த 23.1°யும் அருகருகே வந்தது தற்செயல். உங்களுடையது tan⁻¹(2a/g). இது 2 tan⁻¹(a/g). a சிறியதாக இருக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும், காரில் பிரித்தறிய முடியாது. a-வைப் பெரிதாக்கிப் பாருங்கள். a = g என்றால் சமநிலை 45°. எல்லை 90°, நூல் கிடையாகவே போய்விடும். உங்கள் வாய்பாடு 63° என்கிறது. பிசகான சமன்பாடு வேறொரு சரியான நிகழ்வைத் தொட்டுக்கொண்டு நின்றதால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

வேகமானி

2θ வரும் என்பதை ஏற்கிறேன், ஆற்றல் வழியிலும் போட்டுப் பார்த்தேன், வருகிறது. போலி விசை செய்த வேலை ma × L sinφ. குண்டு உயர்ந்ததற்கான ஆற்றல் mgL(1 − cosφ). இரண்டும் சமம் என்றால் tan(φ/2) = a/g.

ஆனால் இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இல்லாத விசை எப்படி வேலை செய்யும்? குண்டு உண்மையாகவே மேலே ஏறியிருக்கிறது. அந்த ஆற்றலை யார் கொடுத்தது? இன்னொன்று, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இந்த ma-வுக்கு எதிர்விசை எந்தப் பொருளின் மேல்?

நிலைமம்

இரண்டாவது கேள்விக்கு விடை: எந்தப் பொருளின் மேலும் இல்லை. போலி விசையைக் கொடுக்கும் பொருள் ஒன்று கிடையாது, ஆகவே எதிர்விசையும் கிடையாது. mg-க்கு எதிர்விசை புவியின் மேல் இருக்கிறது, T-க்கு நூலின் மேல் இருக்கிறது. ma-வுக்குத் தேடினால் கிடைக்காது. நீங்கள் ‘இல்லாத விசை’ என்பதற்கு உண்மையான பொருள் இதுதான். ஆனால் ரயிலுக்குள் இருந்து எழுதும் சமன்பாடுகளில் அதைச் சேர்க்காவிட்டால் விடை தப்பும்.

முதல் கேள்வி நல்ல கேள்வி. தரையிலிருந்து பார்த்தால் வேலை செய்வது நூலின் இழுவிசை. அசையாத கூரையில் தொங்கும் ஊசலில் இழுவிசை எப்போதும் இயக்கத்துக்குச் செங்குத்து, வேலை எதுவும் செய்யாது. இங்கே நூலின் மேல்முனையே ஓடுகிறது. குண்டின் பாதை வட்டவில் இல்லை, ஆகவே இழுவிசைக்கும் பாதைக்கும் நடுவே 90° இல்லை. கூரை நூலை இழுக்கிறது, நூல் குண்டை இழுக்கிறது, அதற்கான ஆற்றல் கடைசியில் ரயிலின் மோட்டாரிலிருந்து வருகிறது. ரயிலுக்குள் இருப்பவருக்கு மேல்முனை அசையாதது, இழுவிசை வேலை செய்யாது, அந்தக் கணக்கை ma ஏற்றுக்கொள்கிறது. வேலை, இயக்க ஆற்றல் இரண்டுமே இருவருக்கும் வெவ்வேறு எண்கள். நூலின் கோணம் மட்டும் இருவருக்கும் ஒன்று.

தரையிலிருந்தே 2θ-வை வருவித்துப் பாருங்கள், முடியும். ஆனால் ஓடும் மேல்முனையின் நகர்வு ½at²-ஐக் கடைசி வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும். சாய்ந்த ஈர்ப்பு என்று எடுத்தால் மூன்று வரியில் முடிகிறது.

துறைமுகத்தான்

படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. நான் துறைமுகத்துல கன்டெய்னர் கிரேன் ஓட்டுறவன். கவின் தம்பி, உங்க ஊசல்தான் எங்க பொழப்பு. மேல ட்ராலி ஓடும், அதுல கேபின், கீழ கயித்துல கன்டெய்னர் தொங்கும். ட்ராலிய எடுத்தா பெட்டி பின்னால போகும், நிறுத்தினா முன்னால போகும். கயிறு நீளமா இருந்தா ஒரு போக்கு வரத்துக்கு ஒம்போது பத்து விநாடி ஆகும். பெட்டி ஆடிக்கிட்டே இருந்தா லாரி மேல இறக்க முடியாது, கீழ ஆளுங்க நிக்கிறாங்க.

புதுசா வர்ற பசங்க ட்ராலிய எடுப்பாங்க, பெட்டி பின்னால போறதப் பாத்துப் பயந்து நிறுத்துவாங்க. பெட்டி பின்னால முழுசா போயிருக்கிற நேரத்துல முடுக்கத்த நிறுத்தினா ஆட்டம் அப்படியே இருக்கும், போகாது. நாங்க பழகுனது என்னன்னா, பெட்டி பின்னால போயிட்டுத் திரும்பி ட்ராலிக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் ஒரே மாதிரி எடுத்துக்கிட்டே இருக்கணும். நேர் கீழ வந்ததும் முடுக்கத்த விட்டுடணும். அப்புறம் பெட்டி ஆடாம கூடவே வரும். நிறுத்தும்போதும் அதே மாதிரி. கைப்பழக்கம்னுதான் நினைச்சிருந்தேன். நிலைமம் சார் சொன்ன ‘ரெண்டு விநாடில மறுபடியும் செங்குத்து’ங்கிறத படிச்சதும் அதுதானோன்னு தோணுச்சு.

நிலைமம்

அதேதான், அண்ணே! கணக்கு இல்லாமல் கையால் கண்டுபிடித்தது எவ்வளவு துல்லியம் பாருங்கள். எண் போட்டுப் பார்க்கிறேன்.

கயிறு 20 மீட்டர் என்று வைப்போம். அலைவு நேரம் 2π√(20/9.8) = 9.0 விநாடி. நீங்கள் சொன்ன ஒன்பது பத்து விநாடியோடு பொருந்துகிறது. ட்ராலியின் முடுக்கம் 0.3 m/s² என்றால் சமநிலைக் கோணம் 1.75°, பெட்டி போகும் எல்லை 3.5°. 20 மீட்டர் கயிற்றுக்கு அது 1.2 மீட்டர் பின்னால். ஆகவே புதியவர்கள் பயப்படுவதில் வியப்பில்லை.

ஒரு முழு அலைவு நேரம், 9 விநாடி, அதே முடுக்கத்தில் போனால் பெட்டி மீண்டும் ட்ராலிக்கு நேர் கீழே வரும். அங்கே அதன் ஆட்டவேகம் சுழி. ஏனென்றால் அது ஆட்டத்தின் ஓர் எல்லை. சாய்ந்த ஈர்ப்பில் ஊசலின் இரண்டு எல்லைகள் 0°, 3.5°. அதே நொடியில் முடுக்கத்தை விட்டால் ‘கீழே’ என்பது மறுபடியும் செங்குத்துக்குத் திரும்புகிறது, பெட்டியும் சரியாக அங்கேயே, அசையாமல் இருக்கிறது. ஆட்டம் தொடங்க ஒன்றுமில்லை. அதற்குள் ட்ராலி 2.7 m/s வேகம் எடுத்து 12 மீட்டர் ஓடியிருக்கும்.

பெட்டி 3.5°யில் இருக்கும்போது நிறுத்தினால்? ‘கீழே’ செங்குத்துக்குத் திரும்பிவிட்டது, பெட்டி 3.5° தள்ளி இருக்கிறது. இனி அது இருபுறமும் 3.5° ஆடும். முடுக்கம் இருந்தபோது சமநிலையிலிருந்து 1.75° ஆடியது, இப்போது அதைப்போல இரண்டு மடங்கு. நீங்கள் கண்ணால் பார்ப்பது இதுதான்.

தாம்பரம்_பீச்

நான் தினமும் சென்னைப் புறநகர் மின்ரயிலில் போகிறவன். இந்த இழையைப் பார்த்துவிட்டு நேற்று கையோடு ஒரு அடிக்கோலும், நூலில் கட்டிய போல்ட்டும் எடுத்துப்போனேன். மேலே கைப்பிடிக் கம்பியில் நூலைக் கட்டி 25 செ.மீ. கீழே போல்ட். கிளம்பும்போது அது 1.3 செ.மீ. பின்னால் போய் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. 9.8 × 1.3/25 போட்டால் 0.51 m/s².

இரண்டு விஷயம் உதைக்கிறது. ஒன்று, நிலைமம் சொன்னதுபோல் அது 2.6 செ.மீ. போய்த் திரும்பவில்லை. லேசாகத் தாண்டி, அடங்கிவிட்டது. இரண்டு, பக்கத்துச் சீட்டில் வைத்திருந்த போனில் phyphox செயலி 0.65 காட்டியது. எது சரி? ரயில் நிலையத்தில் நிற்கும்போதே போல்ட் 2 மி.மீ. சாய்ந்துதான் தொங்கியது, ஒருவேளை தண்டவாளம் சரிவோ?

வேகமானி

போன்தான் சரியாக இருக்கும். அது மின்னணுக் கருவி, நூலும் அடிக்கோலும் எந்த அளவுக்கு நம்பகமானவை? 0.65 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலைமம்

முதல் கேள்விக்கு உங்கள் நூலின் நீளம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 25 செ.மீ. நூலின் அலைவு நேரம் 1 விநாடி. மின்ரயிலில் முடுக்கம் சட்டென்று 0.5க்குத் தாவுவதில்லை, சுழியிலிருந்து மெல்ல ஏறுகிறது. அந்த ஏற்றம் ஒரு அலைவு நேரத்தை எட்டினாலோ தாண்டினாலோ, நூல் அதிகம் தாண்டிப்போகாமல் கூடவே சாய்ந்து வந்துவிடும். சட்டென்று ‘கீழே’ திரும்பினால்தான் 2θ. 1 மீட்டர் நூல் கட்டினால் அதே ரயிலில் தாண்டல் இன்னும் நன்றாகத் தெரியும். அளவெடுக்க வேண்டும் என்றால் உங்கள் குட்டை நூல்தான் நல்லது.

இரண்டாவதில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சரிவு என்றால் நூலும் போனும் ஒரே மாதிரி ஏமாறும். ரயில் பெட்டியே சாய்ந்திருந்தால், பெட்டியின் கம்பியை ஒட்டிப் பார்க்கும்போது நூல் g sinα-வையும் சேர்த்துக் காட்டும். போனில் உள்ள முடுக்கமானியும் ஈர்ப்பைச் சேர்த்தேதான் அளக்கிறது. சரிவையும் முடுக்கத்தையும் பெட்டிக்குள் இருந்து பிரிக்க இரண்டாலும் முடியாது. ஆகவே சரிவு இருந்தாலும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசத்துக்குக் காரணம் வேறு.

0.14 m/s² வித்தியாசம் என்பது 0.8° சாய்வு. போன் சீட்டின் மேல் இருந்தது என்றீர்கள். சீட் தட்டையாக 0.8°க்குள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வேகமானி சொல்வதுபோல் மின்னணுக் கருவி என்பதால் போனை நம்பிவிட முடியாது, அது எந்தத் திசையை ‘முன்பக்கம்’ என்று நினைக்கிறது என்பது அதை வைத்த விதத்தைப் பொறுத்தது. ரயில் நிற்கும்போது போன் என்ன காட்டியது? அதைக் கழித்தீர்களா?

போல்ட் நிற்கும்போதே காட்டிய 2 மி.மீ. எனக்கும் புதிராக இருக்கிறது. அது 0.46°, அதாவது 125க்கு 1 சரிவு. நிலையங்களில் அவ்வளவு சரிவு விடமாட்டார்கள், பொதுவாக 400க்கு 1 என்பதே அதிகம். அது 25 செ.மீ.க்கு 0.6 மி.மீ.தான் தரும். அடிக்கோலைக் கம்பிக்கு நேராகப் பிடிக்காததும், கண் ஒரு பக்கமாகப் பார்த்ததும் காரணமாக இருக்கலாம். கூட்டம் ஒரு முனையில் ஏறினால் பெட்டி அதன் சுருள்வில்லின் மேல் லேசாகச் சாய்வதும் உண்டு.

தாம்பரம்_பீச்

நிற்கும்போது போன் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் போல்ட்டின் 2 மி.மீ. பின்பக்கமா முன்பக்கமா என்பது நினைவிருக்கிறது, பின்பக்கம். அதைக் கழித்தால் 1.1 செ.மீ., அதாவது 0.43. போனுக்கும் இதற்கும் இன்னும் தூரம் கூடிவிட்டது.

கவின்_பிளஸ்ஒன்

சரிவு பற்றிப் பேசியதால் ஒன்று கேட்கிறேன் ஐயா. பயிற்சியில் இன்னொரு கணக்கு: α சாய்வுள்ள, உராய்வில்லாத சரிவில் பெட்டி தானாக வழுக்கி இறங்குகிறது. நூல் எந்தத் திசையில் தொங்கும்? நான் செங்குத்தாக என்று நினைத்தேன். போலி விசை போட்டுப் பார்த்தால் பெட்டியின் முடுக்கம் சரிவின் வழியே கீழே g sinα. ஆகவே போலி விசை சரிவின் வழியே மேலே mg sinα. ஈர்ப்பின் சரிவுவழிக் கூறு கீழே mg sinα. இரண்டும் அடித்துக்கொண்டு, மிச்சம் mg cosα மட்டும், தளத்துக்குச் செங்குத்தாக. அப்படியானால் நூல் பெட்டியின் கூரைக்குச் செங்குத்தாகத் தொங்குமா?

நிலைமம்

தொங்கும். வலப்பக்கத்தில் சுழி எழுதினீர்களா?

கவின்_பிளஸ்ஒன்

எழுதினேன் ஐயா. மூலையில் ‘பெட்டிக்குள்’ என்றும் எழுதினேன். அதே பெட்டி மாறாத வேகத்தில் இறங்கினால் போலி விசை இல்லை, நூல் உண்மையான செங்குத்து, கூரையின் செங்குத்திலிருந்து α சாய்ந்து தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் மற்ற எல்லாம், உராய்வு எவ்வளவு என்பதைப் பொறுத்து.

துறைமுகத்தான்

நிலைமம் சார், ஒண்ணு கேக்கணும். நீங்க போட்ட ஒம்போது விநாடி கணக்கு கயிறு நீளம் மாறாதப்போ. நாங்க நேரம் மிச்சம் பண்ண ட்ராலி ஓடும்போதே பெட்டியத் தூக்கவும் இறக்கவும் செய்வோம். அப்போ கயிறு குறைஞ்சுக்கிட்டே வருது. தூக்கிக்கிட்டே போனா ஆட்டம் அதிகமாகுது, இறக்கிக்கிட்டே போனா அடங்குற மாதிரி இருக்கு. அதுக்கும் இதே போலி விசைதானா?

நிலைமம்

போலி விசை அதே ma-தான். ஆனால் நூலின் நீளம் மாறும்போது இன்னொரு உறுப்பு வந்து சேர்கிறது:

Lθ'' + 2L'θ' + g sinθ = a cosθ

L' என்பது கயிறு நீளும் வேகம். தூக்கும்போது அது குறை எண். அப்போது 2L'θ' ஆட்டத்தைக் கரைப்பதற்குப் பதிலாக ஊட்டுகிறது. இறக்கும்போது கரைக்கிறது. நீங்கள் பார்ப்பது இதுதான். ஆனால் எவ்வளவு நேரம் முடுக்கினால் ஆட்டம் நிற்கும் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. அலைவு நேரமே வழியில் மாறிக்கொண்டிருக்கிறது. உங்கள் கிரேனில் தூக்கும் வேகமும் ட்ராலியின் முடுக்கமும் தந்தால் விநாடி விநாடியாகக் கணித்துப் பார்க்கலாம்.

வேகமானி

அந்தக் கணிப்பை நான் போடுகிறேன். தரையிலிருந்தே போட்டுப் பார்க்கிறேன், இரண்டும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். கிரேன் அண்ணே, தொடங்கும்போது கயிறு எவ்வளவு, முடியும்போது எவ்வளவு?

துறைமுகத்தான்

கப்பல் உள்ளேருந்து எடுத்தா முப்பது மீட்டருக்கு மேல. லாரிக்கு மேல வர்றப்போ பதினஞ்சு இருக்கும். தூக்குற வேகம் பெட்டி எடையப் பொறுத்து மாறும், காலியா இருந்தா வேகமா வரும். நாளைக்கு ஷிஃப்டுல ரெண்டுக்கும் குறிச்சுட்டு வந்து போடுறேன்.